பிஆர் மெர்ஜ் சராசரி 2 நாள்தான், ஆனால் ரிவ்யூவில் டிக்கெட்டுகள் தேங்கிக்கொண்டே போகின்றன. எதைப் பார்க்க வேண்டும்?

நிலவன்

எங்கள் அணியில் 8 டெவலப்பர்கள். டாஷ்போர்டில் நாங்கள் பார்க்கும் எண் ஒன்றுதான்: பிஆர் திறந்ததிலிருந்து மெர்ஜ் ஆகும் வரை சராசரி எத்தனை நாள். அது 2 வேலை நாள் என்று காட்டுகிறது, சில வாரங்களாக அதே இடத்தில்தான் நிற்கிறது, அதனால் மேலே இருப்பவர்களுக்கு எந்தக் கவலையும் இல்லை. ஆனால் போர்டைத் திறந்தால் ரிவ்யூ நெடுவரிசையில் டிக்கெட்டுகள் தேங்கிக் கிடக்கின்றன, ஒவ்வொரு ஸ்பிரிண்டும் முடியும்போது கோடு எழுதி முடித்த வேலையே அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்படுகிறது. நாளுக்குச் சுமார் 4 பிஆர் மெர்ஜ் ஆகிறது. டிராஃப்ட்டை விட்டுவிட்டு எண்ணினால் இப்போது திறந்திருப்பது 19. சராசரி 2 நாள் என்பது உண்மையென்றால் இவ்வளவு வேலை எங்கே சிக்கிக்கொள்கிறது? எந்த எண்ணைப் பார்த்தால் இது தெரியும்?

பச்சைவிளக்கு

சிஐ எவ்வளவு நேரம் ஓடுகிறது? எங்களிடம் டெஸ்ட் முழுவதும் ஓடி முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. டெஸ்டுகளைப் பிரித்து ஒரே நேரத்தில் ஓடவிட்டதும் பிஆர் எல்லாம் வேகமாகிவிட்டது. முதலில் அதைப் பாருங்கள்.

நிலவன்

சிஐ 15 நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. பச்சை காட்டிய பிறகுதான் கிடக்கிறது, ஆள் பார்ப்பதற்காக. என் கேள்வி அந்தக் காத்திருப்பைப் பற்றி.

கோடுகாரன்

கணக்கு போட்டாலே தெரிந்துவிடும். 1961-இல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி இருக்கிறதே: வரிசையில் நிற்பது எவ்வளவோ, அதை வெளியேறும் வேகத்தால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. 19-ஐ 4-ஆல் வகுத்தால் 5 நாளுக்குக் கொஞ்சம் குறைவு. ஆக, உங்கள் டாஷ்போர்டு பொய் சொல்கிறது. அசல் எண் 5, காட்டுவது 2. யார் எழுதிய குவெரி என்று பார்த்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். அப்புறம் பிஆர்களைச் சின்னதாக்குங்கள், 200 வரிக்கு மேல் போகக்கூடாது என்று வைத்தால் பாதிப் பிரச்சினை போய்விடும்.

மல்லிகா_எஸ்

கோடுகாரன் எடுத்த விதி சரியானதுதான், ஆனால் முடிவு தவறு. வரும் வேகமும் போகும் வேகமும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வகுத்தல் பொருந்தும். நிலவன் சொல்வதைப் பார்த்தால் தேக்கம் வளர்ந்துகொண்டே போகிறது, அப்படியென்றால் வருவது அதிகம், போவது குறைவு.

டாஷ்போர்டும் பொய் சொல்லவில்லை. மெர்ஜ் ஆனவற்றின் சராசரியைத்தான் அது சொல்கிறது. மெர்ஜ் ஆகாமல் கிடப்பது அந்தக் கணக்கில் வரவே வராது, எத்தனை வாரம் கிடந்தாலும் அந்த எண்ணில் ஒரு மணி நேரம்கூடக் கூடாது. அதனால் மோசமான பிஆர் எதுவோ அதுதான் கடைசி வரை கண்ணில் படாமல் இருக்கும்.

அதே விதியைத் திருப்பிப் போடுங்கள். நாளுக்கு 4 வெளியேறுகிறது, வெளியேறுபவை சராசரியாக 2 நாள் இருக்கின்றன என்றால், ஓட்டத்தில் இருக்க வேண்டியவை 8. உங்களிடம் திறந்திருப்பது 19. மீதி 11 எங்கே? அவை ஓட்டத்திலேயே இல்லை, நின்றுவிட்டன என்பது என் ஊகம். இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இந்த இடைவெளியைத்தான் வாராவாரம் பார்க்க வேண்டும். திறந்திருக்கும் ஒவ்வொன்றின் வயதையும் எடுத்துப் போட்டுப் பாருங்கள், நடுவில் ஒரு வெற்றிடம் தெரியும் என்று நினைக்கிறேன்: சில நாள் வயதில் ஒரு கூட்டம், வாரக்கணக்கில் இன்னொரு கூட்டம்.

```
gh pr list --limit 200 \
  --json number,createdAt,isDraft,reviewDecision \
  --jq '.[] | select(.isDraft|not) | [.number, ((now - (.createdAt|fromdate))/86400|floor), .reviewDecision] | @tsv'
```

பிஆர் எண், நாளில் வயது, ரிவ்யூ நிலை என்று மூன்று நெடுவரிசை வரும். சனி ஞாயிறும் சேர்ந்த வயது இது, முதல் பார்வைக்குப் போதும்.

தனிமரம்

நான் ஒரு ஓபன் சோர்ஸ் லைப்ரரியைத் தனியாளாகப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் ஒரு வருடத்துக்கு மேலான பிஆர்கள் இருக்கின்றன. அனுப்பியவர் யாரென்றே தெரியாது, கேள்வி கேட்டால் பதில் வராது, ஆனாலும் மூட மனசு வருவதில்லை. இந்த வயதுக் கணக்கையெல்லாம் நான் போட்டால் என்னை நானே தண்டிப்பது போலத்தான் இருக்கும். 30 நாள் அசைவில்லை என்றால் தானாக மூடும் பாட் போடலாம் என்று யோசிக்கிறேன். நிலவன், நீங்களும் அதைச் செய்யலாமே?

மல்லிகா_எஸ்

தனிமரம், உங்கள் நிலைமை வேறு. உங்களுக்கு வருவது யாரோ தங்கள் விருப்பத்தில் அனுப்புவது, அதை மூடினால் யாருடைய வாக்குறுதியும் உடையாது. நிலவன் அணியில் ஒவ்வொரு பிஆருக்குப் பின்னாலும் ஒப்புக்கொண்ட ஒரு டிக்கெட் இருக்கிறது. பாட் மூடினால் வயது பூஜ்யமாகும், டிக்கெட் அங்கேயே நிற்கும். அடுத்த மாதம் யாராவது அதே பிராஞ்சை எடுத்து ரீபேஸ் செய்து புது பிஆராகத் திறப்பார்கள், பழைய காத்திருப்பு முழுக்க அழிந்துபோய் 0 நாளிலிருந்து ஆரம்பிக்கும். அளவுகோலைக் கெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

நிலவன்

ஓட்டிப் பார்த்தேன். மல்லிகா அக்கா சொன்ன வெற்றிடம் அப்படியே இருக்கிறது. 8 பிஆர்கள் 4 நாளுக்குள். அதற்கப்புறம் எதுவும் இல்லை. பிறகு 9 நாளிலிருந்து தொடங்கி 11 பிஆர்கள், மிகப் பழையது 41 நாள். கடந்த வாரங்களையும் எண்ணிப் பார்த்தேன். வாரத்துக்கு 22 திறக்கிறோம், 20 மெர்ஜ் ஆகிறது. வாரத்துக்கு இரண்டு என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை, சேர்ந்து சேர்ந்து 11 ஆகிவிட்டது.

ஆனால் மூன்றாவது நெடுவரிசை எனக்குக் குழப்பமாக இருக்கிறது. பழைய 11-இல் 6 `REVIEW_REQUIRED`, 3 `APPROVED`, 2 `CHANGES_REQUESTED`. அப்ரூவ் ஆனது ஏன் இன்னும் திறந்திருக்கிறது?

மல்லிகா_எஸ்

அருமை, இதுதான் வேண்டியது. 11 என்று மொத்தமாகப் பார்த்தால் "எல்லோரும் சீக்கிரம் ரிவ்யூ பண்ணுங்கள்" என்று ஒரு செய்தி போடத் தோன்றும், அதனால் ஒன்றும் நடக்காது. யாருடைய முறை என்று பிரித்தால் மூன்றும் மூன்று வெவ்வேறு நோய்கள்.

அப்ரூவ் ஆன 3-ஐத் திறந்து பாருங்கள். நீண்ட நாள் கிடந்து, அப்ரூவல் வந்தபோது `main` நகர்ந்துபோய் கான்ஃப்ளிக்ட் வந்திருக்கும். எழுதியவர் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார். கான்ஃப்ளிக்டைத் தீர்த்து புஷ் செய்தால், புது கமிட் வந்தால் பழைய அப்ரூவல் செல்லாது என்ற அமைப்பு உங்கள் ரெப்போவில் இருந்தால் மறுபடி ரிவ்யூ கேட்க வேண்டியிருக்கும், அந்தச் சலிப்பிலேயே தள்ளிப்போடுவார்கள். வயது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் இடம் இது. பழையதாக ஆக கான்ஃப்ளிக்ட் கூடும், கான்ஃப்ளிக்ட் வந்தால் இன்னும் பழையதாகும்.

`CHANGES_REQUESTED` இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம். எழுதியவர் திருத்திப் புஷ் செய்த பிறகும், மாற்றம் கேட்டவர் மறுபடி பார்க்கும் வரை அந்த நிலை பொதுவாக மாறாது. ஆக, அது எழுதியவரின் முறையாகவும் இருக்கலாம், பார்ப்பவரின் முறையாகவும் இருக்கலாம். கடைசி கமிட்டின் நேரமும் கடைசி ரிவ்யூவின் நேரமும் எது பிந்தியது என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மீதி 6-தான் உண்மையான ரிவ்யூ வரிசை. அவை யாருக்காகக் காத்திருக்கின்றன?

நிலவன்

அப்ரூவ் ஆன மூன்றிலும் கான்ஃப்ளிக்ட். `CHANGES_REQUESTED` இரண்டிலும் திருத்தம் போய்ச் சேர்ந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது, ஆனால் ரிவ்யூவை மறுபடி கேட்கும் பட்டனை யாரும் அழுத்தவில்லை, அதனால் பார்ப்பவருக்கு அது தன் முறை என்றே தெரியாது.

6-இல் 5 ஒரே ஆளுக்காக. பில்லிங் ஃபோல்டருக்கு `CODEOWNERS` கோப்பில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

கோடுகாரன்

அப்படியென்றால் விடை கிடைத்துவிட்டது. அவர் வேகமாகப் பார்க்க வேண்டும். கூகுளின் வெளிப்படையான கோடு ரிவ்யூ வழிகாட்டியிலேயே இருக்கிறது, பதில் சொல்ல அதிகபட்சம் ஒரு வேலை நாள். ஆள் வாரியாக எத்தனை நிலுவை என்று எல்லோருக்கும் தெரியும்படி டாஷ்போர்டில் போடுங்கள், தானாகக் குறையும்.

ரேவதி_டெவ்

நான் அந்த ஒரே ஆளாக இருந்தவள், வேறொரு அணியில். கோடுகாரன் சொன்னதைத்தான் எங்களிடம் செய்தார்கள். என் பெயருக்கு எதிரே சிவப்பில் ஒரு எண், எல்லோரும் பார்க்கும் திரையில். என்ன நடந்தது தெரியுமா, காலையில் வந்ததும் அந்த எண்ணைக் குறைப்பதுதான் வேலை என்றாகிவிட்டது. பெரிய பிஆர் வந்தால் முதல் கோப்பில் ஒரு சின்னக் கேள்வி கேட்டு முறையை எழுதியவரிடம் தள்ளிவிட்டால் என் கடிகாரம் நின்றுவிடும். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை, ஆனால் மற்ற இடங்களில் அதைத்தான் செய்கிறார்கள் என்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். படிக்காமலே அப்ரூவ் கொடுப்பது அதற்கு அடுத்த படி.

அந்த வழிகாட்டி சொல்வது பதில் சொல்வதைப் பற்றி, முழு ரிவ்யூவையும் முடிப்பதைப் பற்றி அல்ல. "நாளை மதியம் பார்க்கிறேன்" என்பதும் பதில்தான். அது வேறு, மெர்ஜ் ஆவது வேறு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கும் சொந்த டிக்கெட்டுகள் இருந்தன. ஸ்பிரிண்ட் திட்டமிடும்போது ரிவ்யூவுக்கு நேரமே ஒதுக்கமாட்டார்கள், மற்ற எல்லோருக்கும் எவ்வளவு வேலையோ அவ்வளவு வேலை எனக்கும். ஒரு நாளில் நான் மூன்று பிஆர் பார்த்தால் அன்று என் டிக்கெட் நகராது, ஸ்டாண்டப்பில் அதற்கும் கேள்வி வரும். நிலவன், அந்த 5 பிஆரையும் பார்க்க வேண்டியவரிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

மல்லிகா_எஸ்

ரேவதி சொல்வதோடு முழுக்க உடன்படுகிறேன். ஆளின் பெயரில் எண் போடாதீர்கள், இடத்தின் பெயரில் போடுங்கள். "பில்லிங் ஃபோல்டரில் 5 பிஆர் காத்திருக்கிறது, பார்க்கத் தகுதியுள்ளவர் ஒருவர்" என்று எழுதினாலே, தீர்வு அவரை விரட்டுவதில் இல்லை, இரண்டாவது ஆளை உருவாக்குவதில் இருக்கிறது என்பது எல்லோருக்கும் புரிந்துவிடும். `CODEOWNERS`-இல் தனி ஆளுக்குப் பதில் ஒரு டீமைப் போட்டு, அந்த டீமின் அமைப்பில் ரிவ்யூ பிரித்துக் கொடுப்பதை இயக்கினால், கிட்ஹப்பே ரிவ்யூவைச் சுழற்சி முறையிலோ கையில் இருக்கும் சுமையைப் பார்த்தோ உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். ஆனால் டீமில் உண்மையாகவே பில்லிங் தெரிந்த இரண்டாவது ஆள் இருந்தால்தான் அதில் பொருள் உண்டு.

சரி, நிலவனின் முதல் கேள்விக்கு வருகிறேன், டிக்கெட் ஏன் முடியவில்லை என்பதற்கு. அந்த 11 பிஆர்களும் எந்த டிக்கெட்டுகளைச் சேர்ந்தவை என்று வரைந்து பாருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு மூன்று பிஆர் இருந்தால், அதில் இரண்டு ஒரே நாளில் மெர்ஜ் ஆகி மூன்றாவது 20 நாள் கிடந்தால், டிக்கெட் முடிய 20 நாள். பிஆர் சராசரியோ 8 நாள்கூட வராது. டிக்கெட் எப்போதும் தன் மிகப் பழைய பிஆரோடுதான் போகும். அதனால்தான் பிஆர் எண் நன்றாக இருந்தும் போர்டு நகராமல் இருக்கிறது.

நிலவன்

வரைந்தேன். 11 பிஆர்கள் 9 டிக்கெட்டுகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. அதில் 6 டிக்கெட்டுகளில் மற்ற பிஆர்கள் எல்லாம் ஏற்கெனவே மெர்ஜ் ஆகிவிட்டன, ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இது தவிர இன்னும் 4 டிக்கெட்டுகள் இவற்றை நம்பி ஆரம்பிக்க முடியாமல் நிற்கின்றன.

எழுதியவர்கள் காத்திருக்கும் நேரத்தில் சும்மா இருப்பதில்லை, அடுத்த டிக்கெட்டை எடுத்து இன்னொரு பிஆர் திறந்துவிடுகிறார்கள். அதனால் ரிவ்யூவுக்கு இன்னும் ஒன்று கூடுகிறது. இதற்கு ஒரு வரம்பு வைக்கலாமா? ஒருவருக்கு 3 பிஆர் திறந்திருந்தால் நான்காவது திறக்கக்கூடாது என்பது போல?

கோடுகாரன்

வேண்டாம். நான் இப்படி வரம்பு வைத்த இடத்தில் வேலை செய்தேன். மூன்றாவது நிரம்பியதும் ஆட்கள் நான்காவது வேலையையும் மூன்றாவது பிராஞ்சிலேயே போட்டுவிடுவார்கள். 150 வரி பிஆர் 600 வரி ஆகிவிடும், அதை யாரும் தொடமாட்டார்கள்.

மல்லிகா_எஸ்

இது நியாயமான பயம். ஆளுக்கு வரம்பு வைப்பதைவிட ரிவ்யூ நெடுவரிசைக்கு மொத்தமாக ஒரு வரம்பு வைப்பது எனக்குப் பிடிக்கும். உங்கள் ஓட்டத்துக்கு 8 போதும், கொஞ்சம் தளர்வு வைத்து 12 என்று வையுங்கள். அது தாண்டினால் புது டிக்கெட் எடுப்பதற்கு முன் வரிசையில் மிகப் பழையதை ஒன்று முடிக்க வேண்டும். முடிப்பது என்றால் ரிவ்யூ மட்டும் அல்ல, கான்ஃப்ளிக்ட் தீர்க்க உதவுவதும் அதில் வரும். 8 பேர் உள்ள அணிக்கு இது நடக்கும். பெரிய அணியில் நடக்குமா என்பதில் எனக்கே உறுதி இல்லை.

ஒரு எச்சரிக்கை, இதை இப்போதே மேலே சொல்லி வையுங்கள். பழையதை முடிக்க ஆரம்பித்த வாரம் உங்கள் டாஷ்போர்டு சராசரி எகிறும். வழக்கமான 20 பிஆர் தலா 2 நாள், அதோடு பழைய 6 பிஆர் தலா 20 நாள் என்று வைத்தால், மொத்தம் 160 நாள், 26 பிஆர். சராசரி 6 நாளைத் தாண்டும். நிலைமை சீராகும் வாரத்தில்தான் எண் மூன்று மடங்காகும். இது தெரியாமல் யாராவது கேள்வி கேட்டால், அணி பயந்து பழையதைத் தொடாமல் விட்டுவிடும், எண்ணும் மறுபடி 2-க்கு வந்து எல்லோருக்கும் நிம்மதியாகிவிடும்.

தனிமரம்

இந்தக் கணக்கு எனக்கும் பொருந்துகிறது. எங்கள் பக்கத்தில் "சராசரி மெர்ஜ் நேரம்" என்று ஒரு பேட்ஜ் போட்டிருந்தேன். பழையதை மெர்ஜ் செய்யத் தயங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்தான். எடுத்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகம். `updatedAt` வைத்து வரிசைப்படுத்தினால் எது அசையாமல் இருக்கிறது என்று தெரியாதா? வயதைவிட அது நல்லதாகத் தோன்றுகிறது.

மல்லிகா_எஸ்

அதை நம்ப முடியாது. பாட் ஒரு கமென்ட் போட்டாலும், யாராவது லேபிள் மாற்றினாலும் அது இன்றைய தேதிக்கு வந்துவிடும். ரிவ்யூ பார்க்காத பிஆர்கூடப் புதியது போல் தெரியும். `createdAt`-இலும் ஒரு குறை உண்டு. டிராஃப்ட்டாக இரண்டு வாரம் இருந்து நேற்று ரிவ்யூவுக்குத் திறந்தாலும் 15 நாள் வயது என்று காட்டும். சரியான தொடக்கம் டைம்லைனில் வரும் `ready_for_review` நிகழ்வு. டிராஃப்ட்டே பயன்படுத்தாத அணி என்றால் `createdAt` போதும்.

பச்சைவிளக்கு

நான் முதலில் சொன்னதோடு இதுவும் சேரும் போலிருக்கிறது. மெர்ஜ் செய்யும் முன் பிராஞ்ச் `main`-ஓடு சமமாக இருக்க வேண்டும் என்ற விதி உங்களிடம் இருக்கிறதா? எங்களிடம் இருந்தது. அப்ரூவ் ஆனதும் அப்டேட் செய்து சிஐ முடிவதற்குள் வேறொருவர் மெர்ஜ் செய்துவிடுவார், மறுபடி அப்டேட், மறுபடி சிஐ. மெர்ஜ் கியூ போட்ட பிறகுதான் அது நின்றது.

நிலவன்

அந்த விதி இருக்கிறது. ஆனால் நாளுக்கு 4 மெர்ஜ், 15 நிமிட சிஐ என்பதால் அந்த மோதல் எங்களுக்கு அடிக்கடி வருவதில்லை. குறித்து வைக்கிறேன்.

பில்லிங் சொந்தக்காரரிடம் பேசினேன். ரேவதி சொன்னது அச்சு அசலாக. அவருக்கு இந்த ஸ்பிரிண்டில் மற்றவர்கள் அளவுக்கே டிக்கெட்டுகள், அதற்கு மேல் இந்த 5 ரிவ்யூ. ஒன்று அவர் பாதி படித்துவிட்டு நிறுத்தியது, வரி ரவுண்டிங்கை மாற்றுவது, தவறாக அப்ரூவ் ஆனால் வாடிக்கையாளர் பில்லே மாறிவிடும். அதை அவசரப்படுத்த முடியாது என்று சொன்னார், எனக்கும் அது சரியென்றே படுகிறது.

இப்போதைக்குச் செய்யப்போவது: அவருடைய அடுத்த இரண்டு டிக்கெட்டுகளை வேறொருவருக்கு மாற்றுகிறேன். கான்ஃப்ளிக்டில் நிற்கும் 3-ஐ எழுதியவர்கள் நாளை புது வேலைக்கு முன் முடிக்கிறார்கள், அவை ஒவ்வொன்றும் ஒரு டிக்கெட்டின் கடைசி பிஆர். திருத்தம் போன 2-க்கும் ரிவ்யூ மறுபடி கேட்டாயிற்று. வாராந்திரச் செய்தியில் சராசரிக்குப் பக்கத்தில் மூன்று வரி சேர்க்கிறேன்: திறந்தவை எத்தனை, ஓட்டத்துக்கு வேண்டியவை எத்தனை, மிகப் பழையதன் வயது. இரண்டாவது ஆளைப் பில்லிங்குக்குத் தயார்படுத்த எத்தனை நாள் ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

ரேவதி_டெவ்

அந்த இரண்டாவது ஆளை வரி ரவுண்டிங் பிஆரிலேயே பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர் ரிவ்யூ எழுதட்டும், சொந்தக்காரர் அந்த ரிவ்யூவைப் பார்க்கட்டும். முதல் சில பிஆர்களுக்கு இரண்டு பேர் நேரமும் போகும், வரிசை இன்னும் கொஞ்சம் நீளும். அதையும் மேலே முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கோடுகாரன்

ஆளின் பெயரை டாஷ்போர்டில் போடுவது பற்றி நான் சொன்னதை இன்னும் முழுக்க விட்டுவிடவில்லை. ஒரே ஆள் சிக்கல் இல்லாத ரெப்போவிலும் சிலர் ரிவ்யூவே தொடுவதில்லை, எல்லாம் இரண்டு பேர் தலையில் விழுகிறது. அதைப் பெயர் இல்லாமல் எப்படிக் காட்டுவது?

மல்லிகா_எஸ்

நிலுவையைக் காட்டாமல், முடித்த ரிவ்யூக்கள் எத்தனை பேரிடம் பரவியிருக்கின்றன என்று காட்டலாம். ஆனால் அதிலும் எண்ணிக்கைக்காகச் சின்னச் சின்ன பிஆர்களை மட்டும் பொறுக்கி எடுப்பவர்கள் வருவார்கள். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை, யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.